ஓசூர் தனியார் வேலையா, வடக்கே பொதுத்துறை வேலையா?

"ஐயா, எனக்குப் பாலக்கோடு. பி.இ. மெக்கானிக்கல் முடித்து 2 வருஷமாக ஓசூர் சிப்காட்டில் ஒரு தனியார் கம்பெனியில் இருக்கிறேன். வயது 24. இப்போது சம்பளத்தை ஏற்றி சி.டி.சி. 7.2 லட்சம் தருகிறோம் என்கிறார்கள். இதற்கிடையில் கேட் மதிப்பெண் மூலம் மத்திய அரசின் மின் உற்பத்தி நிறுவனம் ஒன்றில் எக்ஸிகியூட்டிவ் ட்ரெய்னி ஆஃபர் வந்திருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 40,000 என்று போட்டிருக்கிறது. வீட்டுக்கு ஒரே பெண். எங்கேயோ வடக்கே போட்டுவிடுவார்கள் என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். சம்பளம், வேலைப் பாதுகாப்பு, டிரான்ஸ்பர், மேலே போகும் வாய்ப்பு எல்லாம் பார்த்தால் எதைப் பிடிப்பது?"

பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் பிறந்து, மத்தியப் பொதுத்துறையில் 32 வருஷம் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் தம்பி டிப்ளமோ முடித்த கையோடு ஓசூருக்குப் போய் 20 வருஷத்துக்கு மேல் தனியாரில் இருந்தவன். ஒரே வீட்டில் இரண்டு பாதையையும் பார்த்திருப்பதால் சொல்கிறேன்.

முதலில் சம்பளம். 40,000 என்ற எண்ணையும் 7.2 லட்சம் என்ற எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஏமாந்துவிடுவீர்கள். முதலாவது அடிப்படைச் சம்பளம் மட்டும். இரண்டாவது கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு. இரண்டையும் கைக்கு வரும் காசாக மாற்றிப் பார்க்க வேண்டும்.

7.2 லட்சம் என்றால் மாதம் 60,000. அதில் பாதி, 30,000, அடிப்படை என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி உங்கள் பி.எஃப். கணக்கில் போடும் 12 சதவீதம், அதாவது 3,600 ரூபாய், இந்த 60,000-க்குள்ளேயே இருக்கிறது. கிராஜுவிட்டிக்கு 1,400 சொச்சமும், மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் கிட்டத்தட்ட 900-உம் இதற்குள்தான். பத்து சதவீதம் 'வேரியபிள்' என்று வைத்திருந்தால் 6,000 ரூபாய் வருஷக் கடைசியில், கம்பெனி லாபத்தையும் உங்கள் மேலாளர் போடும் ரேட்டிங்கையும் பொறுத்து வரும். இவற்றைக் கழித்தால் சம்பளச் சீட்டில் தெரியும் மொத்தம் 48,000. அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 3,600-உம் தொழில் வரியும் போனால் கைக்கு 44,000 சுமார். உங்கள் ஆஃபர் லெட்டரின் பின்னிணைப்பில் இந்தப் பிரிப்பு இருக்கும். என் எண்களை எடுத்துவிட்டு அதிலுள்ள எண்களைப் போட்டுப் பாருங்கள்.

இப்போது பொதுத்துறை. மத்தியப் பொதுத்துறை அதிகாரிகளின் சம்பளம் 2017 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி போகிறது. 40,000-இல் தொடங்கி 1,40,000 வரை போகும் நிலைக்கு ஈ-1 என்று பெயர். அடிப்படைக்கு மேல் ஐ.டி.ஏ. என்ற தொழில்துறைப் பஞ்சப்படி வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை விலைவாசிக் குறியீட்டைப் பார்த்து மாற்றுவார்கள். 2025-இல் அது 50 சதவீதத்தை ஒட்டி இருந்தது. ஆக 20,000. அப்புறம் சலுகைப் படிகள் என்று ஒரு தொகுப்பு, அடிப்படையில் 35 சதவீதம் வரை கொடுக்கலாம் என்பது விதி. முழுசாகக் கொடுக்கும் நிறுவனத்தில் அது 14,000. மொத்தம் 74,000. உங்கள் பங்கு பி.எஃப். 60,000-இல் 12 சதவீதம், 7,200 போகும். கம்பெனி குவார்ட்டர்ஸில் தங்குவீர்கள் என்பதால் வீட்டு வாடகைப் படி கிடையாது, சின்னதாக வாடகை பிடிப்பார்கள். புதிய வரி முறையில் இந்தச் சம்பளத்துக்கு இப்போது வருமான வரி வராது. கைக்கு 65,000 சுமார் நிற்கும்.

ஓய்வுக்காலத்துக்கு ஒதுக்குவது இதற்கு வெளியே இருக்கிறது. பி.எஃப்., கிராஜுவிட்டி, பென்ஷன் நிதி, ஓய்வுக்குப் பிந்தைய மருத்துவம் எல்லாவற்றுக்கும் சேர்த்து அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 30 சதவீதம் வரை நிறுவனம் ஒதுக்கலாம். உங்கள் கணக்கில் அது மாதம் 18,000 வரை. இதை அரசு ஊழியர் வாங்கும் பழைய பென்ஷன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பென்ஷன் பங்கு ஒரு நிதியில் சேர்ந்து, அதிலிருந்து வருவதுதான் கிடைக்கும். ஆனால் ஓய்வுக்குப் பிறகும் கணவன் மனைவி இருவருக்கும் கிடைக்கும் மருத்துவ வசதிக்கு என் வயதில் எவ்வளவு மதிப்பு என்பது 24 வயதில் தெரியாது. போன வருஷம் என் மனைவிக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. நான் கையெழுத்து மட்டும் போட்டேன்.

ஆரம்பத்தில் பொதுத்துறை கை ஓங்கியிருக்கிறது என்பது தெளிவு. அஞ்சு வருஷம் கழித்து? மூன்றாவது வருஷத்தில் ஈ-2 பதவி உயர்வு வருகிறது, அதன் தொடக்கம் 50,000, பிறகு வருஷம் 3 சதவீத உயர்வு என்று வைத்தால் அடிப்படை 53,000-ஐத் தொடும். பஞ்சப்படியை இன்றைய அளவிலேயே நிறுத்தினாலும் மாத மொத்தம் 98,000 வரும். ஓசூரில் வருஷம் 10 சதவீதம் ஏற்றினால் உங்கள் சி.டி.சி. 11.6 லட்சம் ஆகும். நடுவில் ஒருமுறை கம்பெனி மாறி 30 சதவீதம் வாங்கினால் 13.7 லட்சம். இங்கே பலரும் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. தனியாரின் 10 சதவீதத்துக்குள் விலைவாசி உயர்வும் அடங்கியிருக்கிறது. பொதுத்துறையின் 3 சதவீதம் விலைவாசி உயர்வுக்கு மேலே வருவது, விலைவாசியைப் பஞ்சப்படி தனியாகப் பார்த்துக்கொள்ளும். 3-ஐயும் 10-ஐயும் அப்படியே ஒப்பிட்டு "பொதுத்துறையில் இன்கிரிமென்ட் கேவலம்" என்று சொல்வது தப்புக் கணக்கு.

பத்து வருஷத்தில், இரண்டு முறை நல்ல இடத்துக்கு மாறுகிறவருக்கும் பொதுத்துறையில் இருப்பவருக்கும் வித்தியாசம் பெரும்பாலும் அழிந்துவிடும். அதற்கு மேல் தனியாரில் நன்றாகப் போகிறவர் தாண்டிப் போவார். ஆனால் ஓசூரில் மெக்கானிக்கல் உற்பத்திப் பிரிவில் இருந்துகொண்டு, இடமும் மாறாமல், கம்பெனியும் மாறாமல் தாண்டியவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

பொதுத்துறை என்றாலே இந்தச் சம்பளம் என்றும் எண்ணிவிடக் கூடாது. சம்பளத் திருத்தம் அரசு ஊழியருக்கு வருவதுபோல் எல்லாப் பொதுத்துறைக்கும் தானாக வராது. திருத்தத்தால் கூடும் செலவைத் தாங்கும் அளவுக்கு நிறுவனம் லாபத்தில் இருக்க வேண்டும். 2017 திருத்தம் கிடைக்காமல் பழைய விகிதத்திலேயே தவித்தவர்களும் உண்டு. அடுத்த திருத்தத்துக்கான தேதி 2027 ஜனவரி 1. அதனால் உங்களுக்கு ஆஃபர் கொடுத்த நிறுவனத்தின் கடைசி மூன்று ஆண்டறிக்கைகளை அதன் இணையதளத்தில் எடுத்து, வரிக்கு முந்தைய லாபம் என்ற ஒரே வரியை மட்டும் பாருங்கள். மூன்று வருஷமும் நல்ல லாபம் என்றால் மேலே போட்ட கணக்கு நிற்கும்.

வேலைப் பாதுகாப்புக்கும் இதே லாபம்தான் அடித்தளம். அதற்கு ஓசூரிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1980-களில் நம் மாவட்டத்துப் பையன்களுக்கு பெங்களூரு எச்.எம்.டி. என்றால் கனவு. கைக்கடிகாரம் செய்யும் மத்தியப் பொதுத்துறை. அங்கே வேலை கிடைத்தால் பெண் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். 1984-இல் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கி, ஓசூரில் ஆலை போட்டார்கள். எச்.எம்.டி. கிடைக்காதவர்கள் அங்கே போனார்கள். சந்தை டைட்டன் பக்கம் திரும்பியது. எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. விருப்ப ஓய்வுத் தொகையை 2007-இன் சம்பள விகிதத்தை வைத்துத்தான் கணக்கிட்டார்கள். 'பாதுகாப்பு' என்று போனவர்களும், 'தனியார்தானே' என்று போனவர்களும் கடைசியில் எங்கே நின்றார்கள் என்று பாருங்கள்.

அப்படியானால் பொதுத்துறைக்கும் தனியாருக்கும் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. நிறுவனம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது உங்களை மட்டும் தனியாகப் பிடித்து வெளியே அனுப்ப முடியுமா என்பதில்தான் அது இருக்கிறது.

மத்தியப் பொதுத்துறை நிறுவனம் அரசமைப்பின் 12-ஆம் பிரிவுப்படி 'அரசு' என்ற வரையறைக்குள் வருகிறது. அதனால் அநியாயமாக நீக்கினால் நீங்கள் நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். 1986-இல் பிரோஜோநாத் கங்குலி வழக்கு என்று ஒன்று. நீர்வழிப் போக்குவரத்துப் பொதுத்துறை நிறுவனம் ஒன்று, மூன்று மாத நோட்டீஸ் அல்லது மூன்று மாதச் சம்பளம் கொடுத்துக் காரணம் சொல்லாமல் நிரந்தர ஊழியரை நீக்கலாம் என்று விதி வைத்திருந்தது. அந்த விதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது. அன்றிலிருந்து பொதுத்துறையில் நிரந்தரமானவரை நீக்க வேண்டுமென்றால் குற்றப்பத்திரிகை கொடுத்து, விசாரணை நடத்தி, பதில் சொல்ல வாய்ப்புத் தந்துதான் நீக்க வேண்டும்.

உங்கள் தனியார் ஆஃபரைத் திறந்து பாருங்கள். அதே மூன்று மாதமோ இரண்டு மாதமோ நோட்டீஸ் விதி இருக்கும், அங்கே அது செல்லும். தொழிலாளர் சட்டத்தின் பாதுகாப்பு முக்கியமாகத் தொழிலாளிக்குத்தான். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரும், சட்டம் சொல்லும் வரம்புக்கு மேல் சம்பளம் வாங்கும் மேற்பார்வையாளரும் அதில் வரமாட்டார்கள். அந்த வரம்பு மிகச் சிறியது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பில்கூட மாதம் 18,000 ரூபாய்தான். ஆக இன்ஜினியர் பெரும்பாலும் வெளியேதான்.

என் தம்பிக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவனுக்கு 47 வயது. உதவி மேலாளர். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் எச்.ஆர். அறைக்கு வரச் சொன்னார்கள். மேஜைமேல் ராஜினாமாக் கடிதம் தட்டச்சு செய்யப்பட்டு, அவன் பெயர் போட்டு, தேதி போட்டு, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு இருந்தது. "கையெழுத்துப் போட்டால் மூன்று மாதச் சம்பளமும் நல்ல ரிலீவிங் லெட்டரும். போடாவிட்டால் பர்ஃபார்மன்ஸ் என்று எழுதி அனுப்புவோம், அடுத்த இடத்தில் வேலை கிடைக்காது" என்றார்கள். போட்டுவிட்டான். அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு, லாக்கரில் இருந்த டிபன் பாக்ஸையும் சேஃப்டி ஷூவையும் ஒரு பிளாஸ்டிக் பையில் எடுத்துக்கொண்டு, கம்பெனி பஸ்ஸில் ஏற முடியாமல் டவுன் பஸ் பிடித்து வந்தான். அவன் வேலையில் குறை எதுவும் இல்லை. 20 வருஷ இன்கிரிமென்டில் அவன் சம்பளம் கூடியிருந்தது, அதே வேலையை 28 வயதுப் பையன் பாதிச் சம்பளத்துக்குச் செய்வான் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அஞ்சு மாதம் கழித்து வேறொரு உதிரிபாகக் கம்பெனியில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தான். எல்லாக் கம்பெனியும் இப்படி இல்லை. ஆனால் நாற்பத்தைந்துக்கு மேல் தனியாரில் இது நடக்கலாம் என்று எண்ணித்தான் சேமிப்பையும் வீட்டுக் கடனையும் திட்டமிட வேண்டும்.

பொதுத்துறைப் பாதுகாப்புக்கு ஒரு எல்லையையும் சொல்லிவிடுகிறேன். நிறுவனத்தையே அரசு விற்க முடிவு செய்தால் ஊழியர் தடுக்க முடியாது என்று 2001-இல் பால்கோ என்ற அலுமினியப் பொதுத்துறை நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏர் இந்தியா 2022 ஜனவரியில் கைமாறியது. அதன்பின் அது 'அரசு' இல்லை என்பதால் பழைய ஊழியர்களின் ரிட் மனுக்களும் நிற்காது என்று 2024-இல் தீர்ப்பு வந்தது. உங்களுக்கு வந்திருப்பது மின் உற்பத்தி. அத்தனை சீக்கிரம் தேவை அற்றுப்போகும் தொழில் இல்லை. இருந்தாலும் 35 வருஷத்துக்கு எவரும் உறுதி தர முடியாது.

இன்னொரு எச்சரிக்கை. உங்களுக்கு இது பொருந்தாது, ஆனால் உங்கள் நண்பர்களுக்குச் சொல்லுங்கள். பெங்களூரு பொதுத்துறைகளில் 'ட்ரெய்னி இன்ஜினியர்', 'புராஜெக்ட் இன்ஜினியர்' என்று ஆள் எடுப்பதைப் பார்த்து கிருஷ்ணகிரியிலிருந்து நிறையப் பேர் ஓடுகிறார்கள். அது மூன்று, நான்கு வருஷ ஒப்பந்தம். பெல் எனப்படும் பாரத் எலக்ட்ரானிக்ஸில் புராஜெக்ட் இன்ஜினியருக்கு முதல் வருஷம் 40,000, நான்காம் வருஷம் 55,000 என்று தொகுப்பூதியம், அத்தோடு முடிந்தது. அதே நிறுவனத்தில் 'புரபேஷனரி இன்ஜினியர்' என்றால் நிரந்தரம், தொடக்கம் அதே 40,000-தான், ஆனால் அது அடிப்படைச் சம்பளம். எண் ஒன்றாக இருப்பதால் குழம்பிவிடுகிறார்கள். கடிதத்தில் சம்பள விகிதமும் ஐ.டி.ஏ.வும் இருந்தால் நிரந்தரம். தொகுப்பூதியம், குறிப்பிட்ட காலம் என்று இருந்தால் ஒப்பந்தம்.

இனி டிரான்ஸ்பர். உங்களைப் பயமுறுத்துகிறவர்கள் பொய் சொல்லவில்லை. எக்ஸிகியூட்டிவ் என்றால் இந்தியாவில் எங்கும் போக ஒப்புக்கொண்டுதான் கையெழுத்துப் போடுகிறீர்கள். அனல் மின் நிலையங்கள் நிலக்கரிக்குப் பக்கத்தில் இருக்கும். என்.டி.பி.சி.யை எடுத்துக்கொண்டால் சிங்ரௌலி, விந்தியாசல், கோர்பா, ஃபரக்கா என்று வடக்கிலும் கிழக்கிலும்தான் பெரியவை. தெற்கே ராமகுண்டம், சிம்மாத்ரி, கர்நாடகத்தில் குட்கி, சென்னைக்குப் பக்கத்தில் கூட்டு முயற்சியாக வல்லூர். இந்த நாலைந்து இடத்துக்குத் தெற்கத்திக்காரர் எல்லாரும் கேட்பார்கள். அதனால் முதல் ஆறேழு வருஷம் தமிழ்நாட்டைக் கேட்டுக் காத்திருக்காதீர்கள். குட்கியோ ராமகுண்டமோ கிடைத்தால் அதுவே பாதி வீடு.

நீதிமன்றமும் இதில் கை கொடுக்காது. டிரான்ஸ்பர் வேலையின் ஒரு பகுதி என்பது நிலைத்துப்போன தீர்ப்பு. பழிவாங்கல் என்று நிரூபித்தால்தான் தலையிடுவார்கள்.

எனக்கு 32 வருஷத்தில் ஆறு இடம். ஆணை பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில் வரும், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் முடியும் நேரம். சாமான் ஏற்றக் கூலி, குடும்பத்துக்குப் பயணச் செலவு, இடம் மாறும் மானியம், சேரும் அவகாசம் எல்லாம் நிறுவனம் கொடுக்கும். போகும் இடத்தில் குவார்ட்டர்ஸ், பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கும். காசுக்கோ வசதிக்கோ குறை வந்ததில்லை. குறை வேறு இடத்தில் இருந்தது. அப்பாவுக்கு ஒரு நாள் காலையில் வலது கை விழுந்துவிட்டது. தம்பி ஓசூரிலிருந்து வண்டியை எடுத்து, மதியத்துக்குள் தர்மபுரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டான். நான் சத்தீஸ்கரில் இருந்தேன். பிலாஸ்பூர் போய், ரயிலேறி, ஜோலார்பேட்டையில் இறங்கி, பஸ் பிடித்து வார்டுக்குள் நுழைந்தபோது மூன்றாம் நாள் காலை. அப்பா என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார், வாய் ஒரு பக்கமாகப் போயிற்று. என்னைவிடப் பாதிச் சம்பளம் வாங்கிய தம்பி அன்றைக்கு அங்கே இருந்தான். இதை எந்தச் சம்பளக் கணக்கிலும் நான் இன்றுவரை சேர்க்க முடியவில்லை. நீங்கள் ஒரே பெண் என்பதால் இதை மறைக்காமல் சொல்கிறேன். இப்போது சேலம், பெங்களூரு விமானங்கள் இருக்கின்றன, நேரம் குறையும். தூரம் தூரம்தான்.

அப்பா அம்மாவைக் கூடவே வைத்துக்கொள்ளலாம், உங்களைச் சார்ந்தவர்கள் என்று பதிவு செய்தால் நிறுவன ஆஸ்பத்திரியும் அவர்களுக்கு உண்டு. வருமான வரம்பு ஒன்று இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பாலக்கோட்டில் தக்காளித் தோட்டத்தை விட்டு வர அப்பா சம்மதிப்பாரா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

கல்யாணப் பேச்சு வரும்போது இன்னொரு விஷயம் முன்னுக்கு வரும். கணவன் மனைவி இருவரையும் ஒரே ஊரில் போட வேண்டும் என்று மத்தியப் பணியாளர் துறையின் 2009 அறிவுறுத்தல் ஒன்று இருக்கிறது. இருவரும் மத்திய, மாநில அரசிலோ பொதுத்துறையிலோ இருந்தால் அதைக் காட்டிக் கேட்கலாம். இடம் இருந்தால் கொடுப்பார்கள், கட்டாய உரிமை என்று சொல்ல முடியாது. மாப்பிள்ளை ஓசூரிலோ பெங்களூருவிலோ தனியாரில் இருந்தால் அந்த அறிவுறுத்தல் உங்களுக்கு அதிகம் உதவாது. பேச்சு ஆரம்பிக்கும்போதே இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் இன்ஜினியர் எட்டு வருஷம் கணவர் சென்னையிலும் தான் ஜார்க்கண்டிலும் என்று இருந்தார்.

தனியாரில் டிரான்ஸ்பர் இல்லை என்று நினைப்பது சரியில்லை. ஓசூர்க் கம்பெனிகளுக்கு மைசூரு, நாலாகர், பந்த்நகர் என்று வேறு ஆலைகள் இருக்கின்றன. புது லைன் போடும்போது "ஆறு மாதம் போய்வா" என்பார்கள், ஆறு மாதம் இரண்டு வருஷமாகும். ஆனால் அங்கே மறுத்துவிட்டு, ராயக்கோட்டை ரோட்டில் வேறு கம்பெனிக்கு மாறிக்கொள்ளலாம். வேலையை மாற்றி ஊரைக் காப்பாற்றிக்கொள்வது தனியாரில் முடியும். பொதுத்துறையில் வேலையைக் காப்பாற்ற ஊரை மாற்ற வேண்டும்.

மேலே போகும் வாய்ப்பைச் சுருக்கமாகச் சொல்லலாம். பொதுத்துறையில் ஈ-1 முதல் ஈ-5 வரை வருஷக் கணக்கில் ஏறிவிடலாம். ஒவ்வொன்றுக்கும் மூன்று, நான்கு வருஷம் ஆகும், வேலை நன்றாகச் செய்தவருக்கும் சுமாராகச் செய்தவருக்கும் ஒரு வருஷம்தான் வித்தியாசம் வரும். சுறுசுறுப்பானவருக்கு இது எரிச்சலைத் தரும், எனக்குத் தந்தது. அதற்கு மேல் காலியிடம் இருந்தால்தான். உங்களோடு சேர்ந்த பேட்ச் பெரியதாக இருந்தால் ஒரு நாற்காலிக்குப் பத்துப் பேர் நிற்பீர்கள். 60 வயதில் ஓய்வு என்பதால், 24-இல் சேர்ந்தவருக்கு 28-இல் சேர்ந்தவரைவிட மேலே போக நான்கு வருஷம் கூடுதலாகக் கிடைக்கிறது. இது உங்களுக்குப் பெரிய சாதகம். உச்சியில் இருக்கும் தலைவரின் அடிப்படைச் சம்பளமே மிகப் பெரிய நிறுவனங்களில் 2 லட்சத்தில் தொடங்கி 3.7 லட்சம்தான். நல்ல தனியார் ஆலையின் தலைவர் அதைத் தாண்டிவிடுவார்.

ஓசூரில் கூரை வேறு மாதிரி. செக்‌ஷன் இன்சார்ஜ், உதவி மேலாளர், மேலாளர் வரை திறமைக்குச் சீக்கிரம் கிடைக்கும். பொதுத்துறையில் 12 வருஷத்தில் வருவது இங்கே ஏழில் வரும். அதற்கு மேல் ஆலைக்கு ஒரு தலைவர் நாற்காலிதான். முடிவெடுக்கும் பதவிகள் சென்னையிலோ பெங்களூருவிலோ இருக்கும், அங்கே போகத் தயாராக இல்லாதவர் நாற்பதில் நின்றுவிடுவார். நின்ற இடத்தில் சம்பளம் மட்டும் ஏறிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதைத் தம்பி கதையில் பார்த்தீர்கள்.

இரண்டில் ஒரு கதவு ஒரு பக்கம்தான் திறக்கும். கேட் வழி ட்ரெய்னி வேலைக்குப் பொதுப் பிரிவில் வயது வரம்பு 27 சுமார், மற்றப் பிரிவினருக்கு விதிப்படி தளர்வு. ஓசூரில் மூன்று வருஷம் இருந்துவிட்டு அப்புறம் பார்ப்போம் என்றால் கதவு மூடிவிடும், அதற்கு முன்பே மனம் மாறினாலும் மறுபடி கேட் எழுத வேண்டியிருக்கும். பொதுத்துறையில் அஞ்சாறு வருஷம் ஆலை நடத்திய அனுபவத்தோடு தனியாருக்கு வருவது முடியும். வேலையை விட்டால் ஒப்பந்தப் பத்திரத் தொகை கட்ட வேண்டியிருக்கும். இப்படிப்பட்ட பத்திரம் செல்லும் என்று 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எத்தனை வருஷம், எவ்வளவு தொகை என்று சேரும் முன்பே படித்துக்கொள்ளுங்கள்.

என் முடிவைக் கேட்டால், போய்ச் சேருங்கள். 24 வயது, லாபத்தில் ஓடும் நிறுவனம், நிரந்தரப் பதவி, கைக்கு 20,000 கூடுதல். அப்பா அம்மா இப்போது நடமாட்டத்தோடு இருக்கிறார்கள் என்றால் தூரத்தில் இருக்க வேண்டிய வருஷங்கள் இவைதான், அவர்களுக்கு எழுபது ஆகும்போது இல்லை. அவர்களில் ஒருவர் இப்போதே டயாலிசிஸ் மாதிரி வாராவாரம் ஆஸ்பத்திரிக்குப் போகிற நிலையில் இருந்து, கூட வரவும் மாட்டார் என்றால் மட்டும் என் பதில் மாறும். அப்போது ஓசூரில் இருங்கள். வருஷம் ஒருமுறை பெங்களூரு பொதுத்துறைகளின் நிரந்தர அறிவிப்புகளைப் பாருங்கள், வயது இருக்கும்வரை எழுதுங்கள்.

சேருவதாக முடிவு செய்தால் ஒரு காரியம். மருத்துவப் பரிசோதனை முடிந்து தகுதி என்று எழுத்தில் வரும்வரை ஓசூரில் ராஜினாமா கொடுக்காதீர்கள். மின் நிலையத்தில் கண் பார்வைக்கும் நிறம் பிரித்தறிவதற்கும் கண்டிப்பான தரம் உண்டு, அதில் நின்றுபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். பரிசோதனை முடிந்த அன்றே உங்கள் நோட்டீஸ் காலத்தைச் சொல்லி, சேரும் தேதியைத் தள்ளித் தரும்படி பொதுத்துறை நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஓசூர்க் கம்பெனியில் ரிலீவிங் லெட்டரும் பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதியும் சரியாகப் பதிவானதைப் பார்த்துவிட்டு ரயிலேறுங்கள்.